சிப்பாய் 241281: கவிஞர் ஐவர் கர்னியின் ராணுவத் தாள்களைத் தேடிய அனுபவம்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாக இருந்த ஒருவருடைய தாள்களைத் தேடுவது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். சில வருடங்களாக லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தேடலையும், வம்சாவளி தேடுபவர்கள் பயன்படுத்தும் கட்டணத் தளங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு வேண்டியவர் ஐவர் கர்னி. குளோஸ்டர் நகரத்துக்காரர், இசையமைப்பாளர், கவிஞர். அகழியில் இருந்தபடியே எழுதிய கவிதைகள் 1917இலேயே புத்தகமாக வந்தன. கடைசி வரை அதிகாரியாகவில்லை. தேடலின் சிரமம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

அதே போரின் கவிஞர்களான வில்ஃப்ரெட் ஓவனும் சீக்ஃப்ரீட் சசூனும் அதிகாரிகள். அவர்களுக்குத் தனித்தனிக் கோப்பு இருக்கிறது. பெயரைத் தட்டினால் கோப்பு எண் வருகிறது. சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகள் லண்டனில் வால்வொர்த் பகுதியின் ஆர்ன்சைட் தெருக் கிடங்கில் ஒன்றாகக் கிடந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து கிடங்கு எரிந்தது. ஏறத்தாழ 60 சதவீதம் போயிற்று. தப்பியவை ஓரம் கருகி, தீயணைப்புத் தண்ணீரில் ஊறிப் போன தாள்கள். அவற்றைப் படச்சுருளில் எடுத்து WO 363 என்ற வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அதை 'எரிந்த ஆவணங்கள்' என்றே சொல்கிறார்கள். ஓய்வூதிய அமைச்சகத்தில் தனியாக இருந்ததால் தீக்குத் தப்பிய சிறு பகுதி WO 364.

அதனால் முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தேடலில் எதுவும் வரவில்லை என்றால் தாள் எரிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. கருகிய தாளிலிருந்து பெயரைப் படித்து எழுதியவர்கள் பாதி எழுத்தை ஊகித்திருப்பார்கள். ஒரு தளத்தில் கர்னி என்ற குடும்பப்பெயரின் முதல் எழுத்தே வேறாகப் பதிவாகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, கலைந்துபோன தாள்களை அடுக்கும்போது ஒருவருடைய பக்கம் இன்னொருவர் கோப்பில் சேர்ந்துவிடும். படச்சுருளில் முன்னும் பின்னும் உள்ள ஆட்களின் படங்களையும் புரட்டிப் பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று சொல்ல முடியும்.

பெயரை விட நம்பகமானது படை எண். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் ராணுவம் முழுவதற்கும் பொதுவான எண் கிடையாது. கர்னி 1915 பிப்ரவரி 9ஆம் தேதி சேர்ந்தது குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் 5ஆம் பட்டாலியனின் இரண்டாம் பிரிவில். 2/5 என்று எழுதுவார்கள். அது பிராந்தியப் படை, அதாவது உள்ளூர்த் தொண்டர் படை. அங்கே அவருக்குக் கொடுத்த எண் 3895. அதே 3895 பக்கத்துப் பட்டாலியனிலும் ஒருவருக்கு இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1917இன் தொடக்கத்தில் பிராந்தியப் படை முழுவதற்கும் ஆறிலக்க எண் கொடுத்தார்கள். ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஓர் எண் தொகுதி. கர்னி 241281 ஆனார். இதுவும் அந்த ரெஜிமென்ட்டுக்குள் மட்டும்தான் தனி எண், வேறொரு ரெஜிமென்ட்டில் இன்னொரு 241281 உண்டு. ஆகவே எண்ணைத் தனியாகப் போடாமல் கூடவே பெயரையோ ரெஜிமென்ட்டையோ சேர்த்துப் போட வேண்டும்:

```
Gurney 241281
Gurney 3895 Gloucestershire
```

இரண்டையும் தனித்தனியாகத் தேடுவது முக்கியம். 1917க்கு முன்னால் எழுதிய தாளில் பழைய எண் மட்டும் இருக்கும். மருத்துவமனை, ஓய்வூதியம், பணியிலிருந்து விடுவிப்பு எல்லாம் அதற்குப் பிந்தியவை என்பதால் புதிய எண்ணில் இருக்கும். ஒரே எண்ணில் தேடினால் ஒருவருடைய போர்க்காலம் பாதியோடு நின்றுவிடும்.

சேர்ந்த தேதியைச் சரிபார்க்கவும் இந்தப் பழைய எண் உதவுகிறது. பிராந்தியப் பட்டாலியனில் எண்கள் சேர்ந்த வரிசையில் கொடுக்கப்பட்டன. நமக்கு வேண்டியவரின் சேர்ப்புப் படிவம் எரிந்திருந்தால், அதே பட்டாலியனில் சற்று முன்பின் எண் கொண்டவர்களைத் தேடலாம். அவர்களில் யாருக்காவது E.501 என்ற பிராந்தியப் படைச் சேர்ப்புப் படிவம் தப்பியிருந்தால் அதிலுள்ள தேதி நம் ஆளின் தேதிக்கு நெருக்கமாகத்தான் இருக்க வேண்டும். 3895க்கு மேலும் கீழும் உள்ளவர்களின் தேதி 1915 பிப்ரவரியைச் சுற்றி அமையாவிட்டால் பட்டாலியனை மாற்றிப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். இந்த முறையை நான் மிகவும் நம்புகிறேன்.

அடுத்து பதக்க அட்டை, WO 372. வெளிநாடு சென்ற எல்லாச் சிப்பாய்க்கும் அநேகமாக இது இருக்கும், தீயிலும் சிக்கவில்லை. ஒரு சிறிய அட்டை. மேலே பெயர், பிறகு படை, பதவி, எண். பிராந்தியப் படைக்காரர் என்றால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருப்பார்கள். ஆவணக்காப்பகத்தில் கிடைக்கும் படம் கறுப்பு வெள்ளை, முன்பக்கம் மட்டும். கட்டணத் தளத்தில் வண்ணத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பின்பக்கத்தில் சில நேரம் முகவரி இருக்கும் என்பதால் அந்த வித்தியாசம் காசுக்குத் தகுந்தது. அட்டையில் பட்டாலியன் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதற்கு அட்டையில் குறித்திருக்கும் பட்டியல் எண்ணை எடுத்துக்கொண்டு WO 329 பதக்கப் பட்டியலுக்குப் போக வேண்டும். கர்னியின் பட்டாலியன் பிரான்சுக்குப் போனது 1916 மே மாதம். 1915 முடிவதற்குள் போனவர்களுக்கு மட்டும்தான் அட்டையில் போர்க்களம் புகுந்த தேதியை வழக்கமாக எழுதினார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எழுத மறந்ததல்ல, 1916இலோ பிறகோ போனவர் என்பதற்கான அடையாளம்.

போர்க்களத்தில் அவர் என்ன செய்தார் என்பதற்கு B.103 என்ற படிவம்தான் உயிர். காயம், மருத்துவமனை, இடமாற்றம் எல்லாம் தேதிவாரியாக ஒரே தாளில் வரும். அது இல்லாதவர்களுக்கு WO 95, பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. இதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதிகாரி காயம்பட்டால் பெயர் இருக்கும். சிப்பாய் காயம்பட்டால் "O.R.", அதாவது other ranks என்று போட்டு எண்ணிக்கை மட்டும் இருக்கும். 1917 ஏப்ரலில் புனித வெள்ளியை ஒட்டி கர்னிக்குக் கையில் குண்டு பாய்ந்தது. பட்டாலியன் நாட்குறிப்பில் அவர் அந்த எண்ணிக்கைக்குள் ஒருவர், அவ்வளவுதான். அவர் யார் என்று நமக்குத் தெரிவது கடிதங்களால். லண்டனில் இருந்த தோழி மேரியன் ஸ்காட்டுக்கு அவர் இடைவிடாமல் எழுதினார். அந்தக் காகிதங்கள் குளோஸ்டர்ஷயர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கடிதத்தையும் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு 'O.R.' ஓர் ஆளாகிறார்.

இங்கே இன்னொரு பொறி உண்டு. ருவான் மருத்துவமனையில் தேறி வந்த பிறகு, 1917 ஜூலையில் கர்னி 184ஆம் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனிக்கு அனுப்பப்பட்டார். செப்டம்பரில் ஈப்ரஸ் பக்கம் செயின்ட் ஜூலியனில் விஷவாயு பட்டபோது அவர் அங்கேதான் இருந்தார். குளோஸ்டர் பட்டாலியனின் செப்டம்பர் நாட்குறிப்பைப் படித்து அவருடைய நாட்களை எழுதினால் அது வேறு ஆட்களின் கதை. கடிதத்தின் தலைப்பில் உள்ள கம்பெனிப் பெயரை விடாமல் பார்ப்பதுதான் இதற்கு வழி.

அப்புறம் பணியிலிருந்து விடுவிப்பு. வாயுவுக்குப் பிறகு எடின்பரோ அருகே பாங்கூர் மருத்துவமனை, சிக்னல் பயிற்சிக்கு சீட்டன் டெலாவல், மனம் தளர்ந்த பிறகு வாரிங்டன், செயின்ட் ஆல்பன்ஸ் போர் மருத்துவமனைகள். 1918 அக்டோபர் 4ஆம் தேதி, போர்நிறுத்தத்துக்குச் சில வாரங்கள் முன்பு, ராணுவம் அவரை விடுவித்தது. இப்படிக் காயத்தாலும் நோயாலும் வெளியேற்றப்பட்டவர்களைத் தேட வேண்டிய இடம் வெள்ளிப் பேட்ஜ் பட்டியல். அதுவும் WO 329க்குள்தான் இருக்கிறது. ஒரே வரியில் எண், பெயர், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, வெளிநாட்டில் பணிபுரிந்தாரா என்பது எல்லாம் வந்துவிடும். கோப்பு எரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரிக்கு ஈடு கிடையாது. ஆனால் காரணம் என்ற கட்டத்தில் நோயின் பெயர் இருக்காது. '392 (xvi)' போல ஒரு விதி எண் இருக்கும். போர்ப் பணிக்கு உடல் தகுதி இல்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதை வைத்து மனநோய் என்றோ நுரையீரல் என்றோ எழுதுவதை இணையத்தில் நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

காரணம் வேண்டுமென்றால் ஓய்வூதியத் தாள்களுக்குப் போக வேண்டும். அங்கே கவனிக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: நோய் பணியால் வந்ததா, முன்பே இருந்தது பணியால் மோசமானதா. கர்னிக்கு இரண்டாவதாகத் தீர்ப்பானது. போருக்கு முன்பே அவருக்கு மன உளைச்சல் இருந்திருக்கிறது என்பது அதிகாரிகளின் வாதம். வாரம் 12 ஷில்லிங், முழு ஓய்வூதியம் இல்லை. 1922இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1937 டிசம்பரில் அங்கேயே இறந்த ஒருவருடைய வாழ்க்கையில் அந்த முடிவு எவ்வளவு கனமானது என்று அந்தக் கட்டத்தைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அவருடைய ராணுவத் தாள்களிலேயே முக்கியமானது என்று நான் நினைப்பது இதைத்தான்.

செலவு பற்றி: ஆவணக்காப்பகத் தளத்தில் தேடுவதற்குப் பணம் வேண்டாம். எரிந்த ஆவணங்களின் படங்களுக்கும் ஓய்வூதிய அட்டைகளுக்கும் கட்டணத் தளச் சந்தா தேவைப்படும். வருடச் சந்தா வாங்க வேண்டாம். இரண்டு எண்கள், பட்டாலியன், அனுப்பப்பட்ட கம்பெனி, மருத்துவமனைகளின் வரிசை ஆகியவற்றை இலவசமாகக் கிடைப்பதை வைத்தே முதலில் எழுதி முடித்துவிட்டு, ஒரே ஒரு மாதம் சந்தா கட்டி வேண்டிய படங்களை எல்லாம் இறக்கிக்கொள்ளுங்கள். படத்தை இறக்கும்போதே வரிசை எண்ணையும் கோப்பின் பெயரில் சேர்த்துவிடுங்கள். கியூவுக்கு நேரில் போக முடிகிறவர்கள் என்றால் அங்குள்ள கணினிகளில் அதே கட்டணத் தளங்களை இலவசமாகப் பார்க்கலாம், சந்தாவே வேண்டியதில்லை.