பேக்கப் குறைகிறதா? ஆக்டிவ் பேலன்சருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் வீட்டு இன்வெர்ட்டருக்கு 16 செல் போட்ட 100 ஏஎச் எல்எஃப்பி லித்தியம் பேட்டரி பேக் வாங்கினேன். 20 ஆம்பியர் லோடுக்கு 5 மணி நேரம் நிற்க வேண்டியது, 4 மணி நேரத்திலேயே, செல்களைக் காத்து அவற்றின் சார்ஜைச் சமப்படுத்தும் பிஎம்எஸ் சர்க்யூட் கட் செய்துவிடுகிறது. போய்க் கேட்டால், "சார், உள்ள இருக்கறது பாசிவ் பேலன்சிங், அதான். 5 ஆம்பியர் ஆக்டிவ் போட்டா சரியாயிடும்" என்று சொல்லி மேலும் 3,500 ரூபாய் வாங்கினார்கள். போட்ட பிறகும் அதே 4 மணி நேரம்தான்.

வேளச்சேரியில் பேட்டரி சர்வீஸ் பார்க்கும் நண்பர் பிஎம்எஸ் ஆப்பில் செல் வோல்டேஜைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். 11-ஆவது செல் டிஸ்சார்ஜில் முதலில் சரிகிறது, சார்ஜ் ஏறும்போதும் அதுவேதான் முதலில் 3.65 வோல்ட்டைத் தொடுகிறது. இப்படி இரண்டு முனையிலும் ஒரே செல் முந்தினால் அதன் கொள்ளளவே குறைவு. கீழே முதலில் விழுந்து, மேலே கடைசியாக ஏறினால்தான் அது பேலன்ஸ் பிரச்சினை, அதற்குப் பாசிவே போதும். தனியாகக் கழற்றி டெஸ்ட் செய்ததில் 80 ஏஎச்தான் வந்தது. புதிய பேக் என்று விற்றதில் பழைய செல்லைச் சொருகியிருக்கிறார்கள்!

பாசிவ் என்பது நிறைந்த செல்லின் மிச்ச சார்ஜை ரெசிஸ்டரில் சூடாக எரித்துவிடுவது, பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியர் அளவில். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒத்த செல்களுக்குள் மாதம் 1 ஏஎச் வித்தியாசம் வந்தால்கூட தினமும் சார்ஜ் முடியும் நேரத்தில் 40 நிமிடம் கிடைத்தால் சரிக்கட்டிவிடும். அதனால் முடியாதது ஒன்றுதான், 80 ஏஎச் செல்லை 100 ஆக்குவது.

ஆக்டிவ் மற்ற செல்களிலிருந்து எடுத்து அந்தச் செல்லுக்குக் கொடுக்கும், உண்மைதான். கணக்குப் போடுங்கள்: 15 செல்லில் 100, ஒன்றில் 80, சராசரி 98.75. அந்த 18.75 ஏஎச்சை ஏறக்குறைய 5 மணி நேரத்துக்குள் தள்ள வேண்டும், அதாவது இடைவிடாமல் கிட்டத்தட்ட 3.8 ஆம்பியர். எனக்கு விற்ற கெபாசிட்டர் வகையில் செல்களுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான் கரன்ட், எல்எஃப்பியிலோ நடுப்பகுதி முழுக்க அந்த வித்தியாசம் சில மில்லிவோல்ட்தான். அட்டையில் இருக்கும் 5 ஆம்பியர் அங்கே வரவே வராது. அப்புறம், எந்த நேரமும் ஓடினால் உள் ரெசிஸ்டன்ஸ் கூடிய செல்லைக் காலி என்று நினைத்து ஏற்றிவிட்டு இருக்கிற பேலன்சையும் கெடுக்கும். 3.4 வோல்ட்டுக்கு மேல்தான் இயங்கும்படி செட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள்.

280 ஏஎச் மாதிரி பெரிய பேக்கில் 5 சதவீத வித்தியாசம் என்றாலே 14 ஏஎச், 50 மில்லி ஆம்பியருக்கு 280 மணி நேரம் ஆகும். அங்கே 1, 2 ஆம்பியர் ஆக்டிவுக்குக் காசு கொடுக்கலாம். வயதான, கொள்ளளவு வேறுபட்ட செல்களைத் தெரிந்தே சேர்ப்பவர்களுக்கும், உண்மையிலேயே அத்தனை ஆம்பியர் தள்ளும் டிசி-டிசி வகை கிடைத்தால், லாபம்தான். என் பேக்குக்கு 4,000 ரூபாயில் ஒரு செல் மாற்றியதும் 5 மணி நேரம் வந்துவிட்டது. கடைக்காரர் இன்றுவரை செல்லுக்கும் பணம் தரவில்லை, பேலன்சரையும் திரும்ப எடுக்கவில்லை.