சுபாருவா, மைனா: இசெகாய்க்குப் புதியவருக்கு எது?

நம் உலகத்து ஆள் வேற்றுலகம் போய்ச் சேரும் இசெகாய் கதை ஒன்றைக்கூடப் படித்திராத என் தங்கைக்கு 'ரீ:ஜீரோ', 'அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வார்ம்' ஆகிய இரண்டில் ஒன்றைத் தர வேண்டியிருந்தது. இரண்டாவதைக் கொடுத்தேன்.

இரண்டும் 'ஷோசெட்சுகா நி நரோ' என்ற ஜப்பானிய இணையதளத்தில் தொடர்கதைகளாகத் தொடங்கியவை. முன்னது 2012இல், பின்னது 2013இல். சாதாரண மனிதர், வேற்றுலகம், மந்திரம், பிரபுக்கள் எல்லாம் இரண்டிலும் உண்டு. வேறுபாடு, போகிறவர் எதைக் கொண்டு பிழைக்கிறார், அதற்கு என்ன விலை தருகிறார் என்பதில்தான்.

'ரீ:ஜீரோ'வின் நாயகன் சுபாரு இறந்தால் காலத்தில் பின்னோக்கித் திரும்புகிறான். எந்தக் கணத்துக்கு என்பது அவன் கையில் இல்லை. இந்த ரகசியத்தைச் சொல்ல முயன்றால் ஒரு கரம் அவன் இதயத்தை நெரிக்கிறது. நடந்ததை அவன் ஒருவனே நினைவில் சுமக்கிறான். இதைவிடக் கொடிய விலை இல்லை. ஆனால் அந்தத் திறன் வேற்றுலகம் தந்தது. அவன் முந்தைய வாழ்க்கைக்கு அதில் பங்கில்லை. அனிமேயின் முதல் 25 பகுதிகளை மட்டும் பார்த்தவனின் கருத்து இது. நாவல் வாசகர்கள் மறுக்கலாம்.

'புக்வார்ம்' நாயகி மைன் கொண்டுபோவது படித்த படிப்பை மட்டும்தான். புத்தகப் பித்துப் பிடித்த ஒரு ஜப்பானியப் பெண் இறந்து, ஏழைப் படைவீரனின் ஐந்து வயது நோயாளி மகளாகக் கண்விழிக்கிறாள். புத்தகம் பிரபுக்களுக்கே எட்டும் ஊர் அது. புல்நாரைப் பின்னித் தாளாக்கப் பார்க்கிறாள், விரலளவுக்குமேல் வளரவில்லை. களிமண் பலகைகள் சுடும்போது வெடிக்கின்றன. எழுதிவைத்த மரச்சீவல்களை அம்மா விறகென்று அடுப்பில் போட்டுவிடுகிறாள். காகிதம் செய்யும் முறை அவளுக்குத் தெரியும்: கிளையை அவித்து, பட்டையை உரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, நாரை அடித்துக் கூழாக்க வேண்டும். அடிக்கத்தான் கையில் வலுவில்லை. உடலுழைப்பை நண்பன் லுட்ஸ் தருகிறான். கருவிகளுக்கான பணம் வணிகர் பென்னோவிடமிருந்து வருகிறது. அதற்கு ஈடாகத் தலைமுடி கழுவும் திரவத்தின் செய்முறையைக் கொடுக்கிறாள்.

இசெகாய் கதையமைப்பு ஏன் அலுக்கவில்லை என்பதற்கான விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது. 2016இல் அந்தத் தளம் இசெகாய்க்கென்று தனித் தரவரிசையே ஒதுக்கியது. வாசகர் வாள்வீச்சுக்காக மட்டும் வருவதில்லை. இந்த உலகில் விலைபோகாத தன் அறிவு வேறெங்காவது ஒரு வீட்டின் நிலையை மாற்றுமா என்று பார்க்க வருகிறார். மைனின் கதை அதற்கு ஆம் என்கிறது. கூடவே செலவுக் கணக்கையும் ஒளிக்காமல் காட்டுகிறது.

அந்தக் கணக்கில் மிகப் பெரிய தொகை பணம் அல்ல. ஐந்து வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? காகிதம் கைக்கு வந்தபின் லுட்ஸ் கேட்டேவிடுகிறான்: நீ யார், என் மைன் எங்கே? நீ போகச் சொன்னால் இந்த உடலைத் தின்னும் காய்ச்சலுக்கு என்னைக் கொடுத்து மறைந்துவிடுகிறேன் என்கிறாள் அவள். தங்கை அந்தப் பக்கத்தில்தான் இரவு ஒரு மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.