வாந்தி முன்னால் நிற்கிறதா, வயிற்றுவலியா?

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் ரதத்தைப் பார்க்க பினாங்கு தண்ணீர்மலை வரை வந்து, நள்ளிரவு தாண்டியும் தூங்காமல் ஆடிக்கொண்டிருந்தான் என் 6 வயது மகன். விடியற்காலை 4 மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் ஆறு முறை. வயிறு காலியான பிறகும் ஓங்கரிப்பு நிற்கவில்லை. "தண்ணீர்ப்பந்தலில் குடித்த மோர்தான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் தீபாவளிக்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் இதே விடியற்காலையில், இதே மாதிரி வந்து, இரண்டு நாளில் சுவடே இல்லாமல் போயிருந்தது. பேதியும் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கையின் மகளுக்கு 9 வயது. அவளுக்கு முதலில் தொப்புளைச் சுற்றி வலி வரும். முகம் வெளுத்துவிடும், மைலோவைக்கூடத் தள்ளிவிடுவாள், விளக்கை அணைக்கச் சொல்லிச் சுருண்டு படுப்பாள். வாந்தி ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம்.

மகனுக்கு இருப்பது சுழற்சி வாந்தி. அவளுக்கு இருப்பது வயிற்று மைக்ரேன். இரண்டும் மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலியின் உறவுகள்தான். தூக்கக்கேடு, பட்டினி, பரபரப்பு, பயணம் என்று தூண்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் காரணத்தை வைத்துப் பிரிக்க முடியாது. எது பிள்ளையை வாட்டுகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். சுழற்சி வாந்தியில் மணிக்கு நான்கு முறைக்குக் குறையாமல் வாந்தி வரும். வலி இருந்தாலும் பின்னால்தான் நிற்கும். வயிற்று மைக்ரேனில் வலிதான் முன்னால். 2 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம்.

இந்தப் பெயர்களைச் சூட்டும் முன் விலக்கவேண்டியவை உண்டு. பச்சை நிற வாந்தி என்றால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எழுந்ததும் தலைவலி, தள்ளாடும் நடை என்றால் மூளையைப் பார்க்கவேண்டும். பட்டினி கிடந்தாலே வாந்தியும் மயக்கமும் வருகிறது என்றால் உடல் சக்தியைக் கையாள்வதிலேயே பிறவிக் குறை இருக்கலாம். அதைக் காட்டும் சர்க்கரை, அம்மோனியா பரிசோதனைகளுக்கு, வாந்தி நடக்கும்போதே, டிரிப் ஏற்றும் முன் இரத்தம் எடுப்பதுதான் பயன் தரும். மூன்று முறையும் நாங்கள் இதைத் தவறவிட்டோம். நான்காவது முறைதான் எடுத்தார்கள், குறை எதுவும் இல்லை.

மகனுக்குக் குளுக்கோஸ் கலந்த டிரிப், வாந்தியை அடக்கும் ஒண்டான்செட்ரோன், இருட்டறை. அவளுக்கு வலி ஆரம்பித்தவுடன் எடைக்கேற்ற பாராசிட்டமால், பிறகு தூக்கம். அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து உண்டு: சுழற்சி வாந்திக்கு 5 வயதுக்குள் சைப்ரோஹெப்டடின், அதற்கு மேல் இசிஜி பார்த்துவிட்டு அமிட்ரிப்டிலின், வயிற்று மைக்ரேனுக்கு பிசோட்டிஃபென் அல்லது புரொப்ரனலால். ஆஸ்துமா இருந்தால் புரொப்ரனலால் கூடாது.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு அவனை மதியமே தூங்க வைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடக் கொடுத்தோம். ரதத்தை வீட்டுக்கு அருகிலேயே பார்த்துவிட்டு, 9 மணிக்குப் படுக்க வைத்தோம். விடியற்காலை 4 மணிக்கு நான்தான் விழித்துக்கொண்டேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.