தமிழ் பேட்ச் ரெக்கார்டு: தனிப் பிரதியா, ஒரே தாளில் இரண்டு மொழியா?

தடா எல்லையை ஒட்டிய ஒரு மாத்திரை ஆலையில் கம்ப்ரஷன், கோட்டிங் பேட்ச் ரெக்கார்டை, அதாவது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் செய்முறையும் அளவுகளும் பதிவாகும் ஆவணத்தைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆங்கில ரெக்கார்டை அப்படியே விட்டு, தமிழில் தனிப் பிரதி எடுத்து மெஷின் பக்கத்தில் வைக்கலாம். அல்லது ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே தமிழைச் சேர்த்து ஒரே ஆவணமாக்கலாம். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

படிக்கச் சுகம் தனிப் பிரதிதான். இரட்டை வரியில் தாள் தடிக்கும், கட்டம் நெருங்கும். ஆனால் ரெக்கார்டு ஒருமுறை அச்சடித்ததோடு முடிவதில்லையே, திருத்தம் வந்துகொண்டே இருக்கும். சிக்கல் அங்கேதான்.

600 மி.கி. எடையுள்ள ஒரு மாத்திரை என்று வையுங்கள். கடினத்தன்மை வரம்பு 8 முதல் 12 கிலோபாண்ட். கோட்டிங் பேனில் உருளும்போது ஓரம் உதிர்கிறது. மாத்திரை கரையும் நேரத்தைச் சோதித்துவிட்டு, வரம்பை 10 முதல் 14 என்று உயர்த்துகிறார்கள். ஆங்கில ரெக்கார்டு பதிப்பு 5 ஆகிவிட்டது. தமிழ்ப் பிரதியைத் திருத்தி, சரிபார்த்து, தர உறுதிப் பிரிவான க்யூ.ஏ.வின் கையெழுத்து வாங்க இன்னொரு சுற்று வேண்டும். அதுவரை அது பதிப்பு 4. இரவு ஷிஃப்டில் 9 வந்தால் ஆபரேட்டர் தமிழைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருப்பார். எடையும் 5 சதவீத வரம்பான 570-630க்குள் இருக்கும், அங்கே எச்சரிக்கை கிடைக்காது. அந்த 9-ஐ ஆங்கிலத் தாளில் மேற்பார்வையாளர் பார்ப்பதற்குள் டிரம் நிறைந்திருக்கும். கவனிக்காமல் விட்டால், பூச்சு முடிந்தபின் ஓரத்தில் வெள்ளை தெரியும்.

ஒரே ஆவணத்தில் நான் எண்ணை ஒருமுறைதான் போடுகிறேன். செய்முறை வாக்கியம் இரண்டு மொழியில். வரம்பு இரண்டுக்கும் பொதுவான ஒரே கட்டத்தில். 10-14 என்று திருத்தினால் மொழிபெயர்ப்பைத் தொடவே வேண்டாம், பதிப்பு எண்ணும் ஒன்றுதான்.

கோட்டிங் பக்கத்தில் இது இன்னும் உதவுகிறது. உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் பேனுக்குள் புரளும் மாத்திரைகளின் வெப்பநிலையும் அடுத்தடுத்த வரிகள். காற்று 60 டிகிரியாக இருக்கும்போது மாத்திரை 42 டிகிரியில் இருக்கலாம். தமிழில் இரண்டையும் வெறும் ‘வெப்பநிலை’ என்று சுருக்கினால் ஒன்றின் அளவு மற்றொன்றின் வரியில் பதிவாகும். மாத்திரை ஈரமாகி ஒட்டும்போது எந்த எண் உண்மை என்று தேட வேண்டிவரும். மேலே ஆங்கிலப் பெயர், மெஷின் பேனலில் வருகிற அதே எழுத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் குறைகிறது.

நான் கையாண்டது ஃபிலிம் கோட்டிங் மட்டும். சர்க்கரைப் பூச்சில் பல அடுக்கு, பல இடைவெளி. அங்கே இரட்டை வரி தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களில் சிலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் தெலுங்குதான் வாசிப்பார்கள். மூன்றாவது வரி சேர்த்தால் தாள் இன்னும் தடிக்கும். அவர்களுக்குப் பொதுவான எண் கட்டமும், ஷிஃப்ட் தொடக்கத்தில் வாய்மொழி விளக்கமும்தான் இப்போதைக்கு.