வாரண்டி முடியும் யூபிஎஸ்: காம்ப்ரிஹென்சிவ் ஏஎம்சியா, சர்வீஸ் மட்டும் போதுமா?

10 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ், 16 பேட்டரி. லேப், ஸ்கேன் சென்டர், சின்ன ஆஸ்பத்திரி எங்கும் இருக்கிற செட்டப்தான். இரண்டு வருட வாரண்டி முடியப்போகும்போது வாடிக்கையாளரிடம் எந்த ஏஎம்சியை முதலில் வைப்பது? மூன்றாம், நான்காம் வருடத்துக்கு சர்வீஸ் மட்டும் ஏஎம்சிதான் சரி என்று முடிவெடுத்து, அதைத்தான் இப்போது முதலில் சொல்கிறோம்.

காம்ப்ரிஹென்சிவில் உதிரிபாகமும் சேர்த்தி, மற்றதில் வேலைக்கூலி மட்டும். இது எல்லோருக்கும் தெரியும். காம்ப்ரிஹென்சிவுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: போர்டு போனால் பர்ச்சேஸ் ஆர்டருக்குக் காத்திருக்க வேண்டாம். அவசரச் செலவுக்கு ஒப்புதல் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் இடங்களுக்கு அதுதான் பொருந்தும்.

முடிவைத் தீர்மானிப்பது பேட்டரி. காம்ப்ரிஹென்சிவ் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் பேட்டரி சேராது. இடி, எலி, தண்ணீர் புகுந்த சேதம் ஆகியவையும் சேராது. ஃபேன், டிசி கெபாசிட்டர் தேய்வது பொதுவாக ஐந்தாம் வருடத்துக்கு மேல்தான். ஆக மூன்றாம் வருடத்தில் வாடிக்கையாளர் கூடுதலாகக் கட்டும் பணம், அப்போது அரிதாகப் போகும் பாகங்களுக்கே போகிறது. அப்போது நிஜமாகவே போகிற பேட்டரிக்குத் தனியாகக் கேட்டால், “முழுசா கட்டினேனே, இதுக்கும் காசா?” என்று அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பேட்டரி இல்லாமல் யூபிஎஸ் விலை 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காம்ப்ரிஹென்சிவ் 8 சதவீதம் என்றால் 18% ஜிஎஸ்டியோடு 9,440. சர்வீஸ் மட்டும் 4 சதவீதம் என்றால் 4,720. வித்தியாசம் வருடத்துக்கு 4,720 ரூபாய். 42 ஏஹெச் பேட்டரி ஒன்று 4,500 என்றால் 16-க்கு 72,000. இரண்டு வருட வித்தியாசத்தைச் சேர்த்தால் இரண்டு பேட்டரி வாங்கத்தான் காணும். ஆனால் பெரிய செலவு எங்கே காத்திருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு இப்போதே தெரிந்துவிடும், அதற்கு அவர் பணம் ஒதுக்கலாம்.

அதனால் நினைவூட்டலோடு ஒரு பேட்டரி டெஸ்ட்டும் போக வேண்டும், அதுவும் வாரண்டிக்குள். சார்ஜில் இருக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் போதாது. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் மற்றவற்றைப் போல 13.6 வோல்ட் காட்டும். இன்வெர்ட்டர் ஒழுங்காக நிற்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பாதி லோடில் மெயினை ஆஃப் செய்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு பேட்டரியையும் அளக்க வேண்டும். எல்லாம் 12 வோல்ட்டை ஒட்டி நிற்கும்போது ஒன்று மட்டும் 10.8-க்கு இறங்கினால் அதுதான் குற்றவாளி. எல்லாம் சீரீஸில் இருப்பதால் அந்த ஒன்றே மொத்த பேக்கப்பையும் சீக்கிரம் முடித்துவிடும். வாரண்டிக்குள் பிடிபட்டால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

இன்னொன்று, தேதி இரண்டு. யூபிஎஸ் வாரண்டி பொருத்திய நாளிலிருந்தும், பேட்டரி வாரண்டி பில் தேதியிலிருந்தும் ஓடுவது சகஜம். எது முதலில் முடிகிறதோ அதற்கு 60 நாள் முன்பு செய்தி போக வேண்டும். டெஸ்ட், க்ளெய்ம், மாற்றுப் பேட்டரி வருவது எல்லாவற்றுக்கும் அந்த இடைவெளி தேவை. செய்தி இப்படி இருந்தால் போதும்:

“வணக்கம் டாக்டர். உங்கள் லேப் யூபிஎஸ்ஸின் பேட்டரி வாரண்டி ஜனவரி 28, யூபிஎஸ் வாரண்டி மார்ச் 14 அன்று முடிகிறது. ஜனவரி 28-க்குள் ஒரு பேட்டரி டெஸ்ட் இலவசமாகச் செய்து, 16 பேட்டரியின் அளவையும் எழுதித் தருகிறோம். லேப் மெஷின்கள் ஓடாத ஒரு மணி நேரம் தேவை. எந்த நாள் வசதிப்படும்? அதன் பிறகு சர்வீஸ் ஏஎம்சி வருடம் ரூ.4,720, ஜிஎஸ்டி உட்பட: 4 விசிட், அவசர அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. உதிரிபாகமும் பேட்டரியும் இதில் சேராது. உதிரிபாகம் சேர்ந்த திட்டம் ரூ.9,440, அதிலும் பேட்டரி சேராது.”

சேராதவற்றைச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். ஐந்தாம் வருடம் தொடங்கும்போது காம்ப்ரிஹென்சிவை மறுபடி முன்வைக்கலாம். ஃபேனும் கெபாசிட்டரும் அதில் அடக்கம் என்று எழுத்தில் இருந்தால் அப்போது அது கொடுக்கிற காசுக்குத் தகும். 60 கேவிஏ, த்ரீ ஃபேஸ் மெஷின்களில் எங்களுக்கு அனுபவம் குறைவு. இந்தக் கணக்கை அங்கே அப்படியே போட வேண்டாம்.