1 கிலோ பாக்கெட்டில் 1 கிலோ இல்லை: கடைக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

ஒரு கடையில் அவர்களே நிரப்பி, அவர்கள் பெயரிலேயே விற்கும் சலவைத்தூள் வாங்கினேன். 1 கிலோ பாக்கெட் மூன்று. எடை குறைவாக இருந்தது. புகார் எழுதினேன், என் வாயை அடைத்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன், பணம் வந்தது. இரண்டு கடிதத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன், ஏனென்றால் முதல் கடிதத்தில் நான் செய்த தவறைப் பலரும் செய்வார்கள்.

முதல் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டப்போனபோது கையில் லேசாகத் தெரிந்தது. உடனே சமையலறைத் தராசில் வைத்தேன். உறையோடு சேர்த்து 966 கிராம். கோபத்தில் அந்த எண்ணை மட்டும் கிட்டே போய்ப் படம் எடுத்து, "நீங்கள் மக்களை ஏமாற்றுகிறீர்கள்" என்று நாலு வரி எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில். "பாக்கெட் பிரிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு எடுத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டுத் தராசைச் சான்றாக ஏற்க முடியாது. படத்தில் எங்கள் பொருளே தெரியவில்லை." படிக்கும்போது வயிறு எரிந்தது. ஆனால் மூன்றும் நியாயமான கேள்விகள். என் படத்தில் இருந்தது ஒரு எண் மட்டும்தான். அது என்ன பொருளின் எடை என்பதற்கு என் வார்த்தையைத் தவிர ஒன்றுமில்லை.

நல்லவேளையாக மற்ற இரண்டு பாக்கெட்டும் பிரிக்காமல் இருந்தன. இங்கேதான் முக்கியமான விஷயம். உறையில் "நிகர எடை" என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் பொருளின் எடை மட்டும், உறை அதில் சேராது. அதனால் பிரிக்காத 1 கிலோ பாக்கெட் தராசில் 1000 கிராமுக்கு மேலேதான் காட்ட வேண்டும். காலியான முதல் உறையை நிறுத்தேன்: 12 கிராம். அப்படியானால் 1012 காட்ட வேண்டிய இடத்தில் ஒன்று 963, இன்னொன்று 968 காட்டியது. உறையோடு சேர்த்தே 1000 வரவில்லை என்றால் பிரித்துப் பார்க்கவே தேவையில்லை. அதனால் பிரிக்காதீர்கள். பிரித்த அந்த நொடியில் உங்கள் ஆதாரம் போய்விடுகிறது.

அடுத்து தராசு. என்னுடையது 1 கிராம் வரை காட்டும் சாதாரண மின்னணுத் தராசு. அதை நம்பச் சொன்னால் கடைக்காரர் ஏன் நம்ப வேண்டும்? தொழிலுக்குத் தராசு வைத்திருக்கும் நண்பரிடம் முத்திரை குத்திய 1 கிலோ எடைக்கல் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். தட்டின் நடுவில் வைத்தபோது 1001 காட்டியது. அதாவது என் தராசு 1 கிராம் கூட்டித்தான் காட்டுகிறது, குறைத்துக் காட்டவில்லை. பாக்கெட்டையும் அதே நடு இடத்தில்தான் வைத்தேன். ஓரத்தில் சாய்ந்தாலோ, உறையின் நுனி தட்டைத் தாண்டி மேசையில் பட்டாலோ அளவு மாறிவிடும். சமமில்லாத மேசையும், பாட்டரி தீர்ந்துபோகும் நிலையும் அப்படித்தான்.

அப்புறம் படங்கள். தராசை நகர்த்தாமல் வரிசையாக எடுத்தேன். முதலில் காலித் தட்டு, 0. இந்தப் படம் இல்லாவிட்டால், "தட்டில் எதையோ வைத்து 0-க்குக் கொண்டுவந்து, பிறகு அதை எடுத்துவிட்டு நிறுத்திருக்கிறார்" என்று சொல்ல இடம் கிடைக்கும். அடுத்து எடைக்கல், 1001. பிறகு பாக்கெட் ஒவ்வொன்றும். உறையின் பெயர், நிகர எடை வரி, மூடிய வாய், கீழே ஒளிரும் எண், பக்கத்தில் இருக்கும் g எழுத்து எல்லாம் ஒரே படத்தில் விழவேண்டும். பாக்கெட்டைப் படுக்க வைத்தால் அது எண்ணை மறைத்தது. தட்டில் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, மறுபடி 0 ஆக்கி, அதற்கும் ஒரு படம் எடுத்துவிட்டு, மேலே பாக்கெட்டை வைத்தேன். கடைசியில் பாக்கெட்டை எடுத்த பின் திரும்பவும் 0. தொகுதி எண் சின்ன எழுத்தில் இருந்ததால் அதை மட்டும் தனியாகக் கிட்டே எடுத்தேன். படங்களை வெட்டவில்லை, திருத்தவில்லை. அரட்டைச் செயலி வழியாக அனுப்பினால் படம் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதால், மூலக்கோப்புகளை மின்னஞ்சலில் இணைத்தேன்.

இரண்டாவது கடிதம் இது:

"மேலாளர் அவர்களுக்கு, உங்களிடம் 4-ஆம் தேதி வாங்கிய 1 கிலோ சலவைத்தூள் பாக்கெட் மூன்றில் இரண்டு பிரிக்கப்படாமல் என்னிடம் இருக்கின்றன. ரசீதும் தொகுதி எண்ணின் படமும் இணைப்பில் உள்ளன. இரண்டும் உறையோடு 963 கிராம், 968 கிராம். காலி உறை 12 கிராம். எனவே உள்ளே இருப்பது ஏறக்குறைய 951, 956 கிராம். முத்திரையிட்ட 1 கிலோ எடைக்கல்லை இதே தராசு 1001 எனக் காட்டியது, படம் 2 பார்க்கவும். உங்கள் தராசில் என் முன்னிலையில் நிறுத்துப் பார்க்க இரண்டையும் கொண்டுவரத் தயார். மூன்று பாக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இதே தொகுதியில் மீதியிருப்பவற்றையும் நிறுத்துப் பாருங்கள். 7 நாளில் பதில் வராவிட்டால் இதே கடிதத்தையும் படங்களையும் எடையளவுத் துறைக்கு அனுப்புவேன்."

ஏமாற்றுகிறீர்கள் என்ற சொல் இதில் இல்லை. அது என்னால் நிரூபிக்க முடியாதது. எடை குறைவு என்பது நிரூபிக்க முடிந்தது.

எவ்வளவு குறைந்தால் எழுதலாம்? எல்லாப் பாக்கெட்டும் துல்லியமாக அமையாது. சட்டமுறை அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பின் பரிந்துரையில், 500 முதல் 1000 கிராம் வரையிலான பாக்கெட்டுக்கு 15 கிராம் குறைவு வரை பொறுத்துக்கொள்ளத் தக்கது. ஆனால் மொத்தச் சரக்கின் சராசரி, போட்டிருக்கும் எடைக்குக் கீழே போகக் கூடாது. என்னுடைய குறைவு 49, 44 கிராம். அந்த அளவின் இரு மடங்கையும் தாண்டியது. 5 கிராம் குறைந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். வீட்டுத் தராசை வைத்துக்கொண்டு அதை வாதாட முடியாது. சோப்புக்கட்டி போல ஈரம் காய்ந்து எடை குறையும் பொருளாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். அவர்கள் தராசு 5 கிராம் படியில் காட்டுவது: 965, 970. மேலாளர் எதுவும் பேசாமல் அலமாரியிலிருந்து அதே தொகுதிப் பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார். 960. மீதியிருந்த ஒன்பதையும் இறக்கச் சொன்னார். நிரப்பும் இயந்திரம் எடையைப் பார்த்து அல்ல, கொள்ளளவைப் பார்த்து நிரப்புகிறது, தூள் காற்றேறி உப்பியிருந்தால் அதே அளவுக்குள் எடை குறைந்துவிடும் என்றார். இருக்கலாம். ஆனால் நிரப்பிய பாக்கெட்டை அவ்வப்போது தராசில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், அதை அவரிடமே சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

பிரிக்காத இரண்டுக்கும் பணம் தந்தார்கள். பிரித்த பாக்கெட்டுக்குத் தர முடியாது என்றார்கள். அதற்கு என்னிடம் சான்று இல்லை, கேட்காமல் வந்துவிட்டேன்.