அரவை மில்லில் மூடிய மோட்டார்: சில அறுவடைகள் கடந்த அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் மில். நெல் அரவை, மாவு, மிளகாய் வத்தல், மல்லி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நெல் ஹல்லரை ஓட்டுவது 10 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். அப்பா காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது திறந்த வகை, அதாவது ஓ.டி.பி. மோட்டார். அதை எடுத்துவிட்டு டி.இ.எஃப்.சி. என்கிற, முழுக்க மூடி வெளி ஃபேன் வைத்த மோட்டார் போட்டுச் சில அறுவடைகள் கடந்துவிட்டன. மில், மரப்பட்டறை, பஞ்சுப் பட்டறை என்று தூசிக்குள் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காற்று போகிற வழியில் இருக்கிறது. திறந்த மோட்டாரில் ரோட்டரோடு சுற்றும் ஃபேன் அறையின் காற்றை உள்ளே இழுத்து, காயிலைத் தொட்டு, வெளியே தள்ளும். தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் ஐபி எண் இதில் சாதாரணமாக 22 அல்லது 23 என்று இருக்கும். மேலிருந்து சொட்டுகிற தண்ணீர் உள்ளே போகாதபடி துவாரங்களை அமைத்திருப்பார்கள், அவ்வளவுதான். தூசிக்கு அங்கே தடையே இல்லை. ஆனால் காயில் நேராகக் குளிர்வதால், அதே எச்.பி.க்கு மோட்டார் சின்னதாகவும் மலிவாகவும் அமையும். சுத்தமான அறையில் அது நல்ல மோட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மூடிய மோட்டாரில் அறைக்காற்று காயில் பக்கமே போகாது. காயிலின் சூடு இரும்பு வழியாக வெளி உடம்புக்கு வந்து, வரிவரியாக இருக்கும் தகடுகளில் பரவும். புல்லிக்கு எதிர்ப்பக்கத்தில் மூடிக்குள் இருக்கும் ஃபேன், அந்தத் தகடுகளின் மேல் காற்றை ஓட்டும். எங்கள் மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஐபி 55, ஐசி 411 என்று போட்டிருக்கிறது. ஐபி எண்ணில் முதல் 5 தூசிக்கு, அடுத்த 5 தண்ணீர்ப் பீச்சலுக்கு. ஐசி 411 என்பது இந்த வெளி ஃபேன் குளிர்விப்பு முறையின் குறி.

பழைய மோட்டார் எப்படிப் போனது என்பதைச் சொன்னால்தான் இதன் அருமை தெரியும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் எடுக்கிற ஆலைகளே அதை வாங்கிப் போகின்றன. அந்தத் தவிட்டுத் தூசி உள்ளே போனால் உமி மாதிரிப் பறந்து வெளியே வராது. காயிலின் இரு முனைகளிலும் கம்பிச் சுற்றுகள் வளைந்து நிற்கிற இடத்தில் அப்பிக்கொள்ளும், காற்று போகும் சந்துகளை அடைக்கும். கார் நெல் அறுவடை முடிந்து அரவை மும்முரமாக நடக்கும்போதே ஐப்பசி மழை தொடங்கிவிடும். காயிலில் ஒட்டிய தவிடு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரவெல்லாம் நின்ற மோட்டாரின் காயில் காப்பைக் காலையில் 500 வோல்ட் மெகரில் அளந்து பார்த்தால், வெயில் காலத்தில் பல பத்து மெகா ஓம் காட்டியது ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் ஸ்விட்ச் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வைண்டிங் கடை அண்ணாச்சி எரிந்த காயிலைப் பார்த்தே காரணம் சொல்லிவிடுவார். ஸ்டார் இணைப்பில் மூன்று பேஸில் இரண்டு மட்டும் கருகி ஒன்று புதுசு மாதிரி இருந்தால் ஒரு பேஸ் லைன் விட்டுப் போயிருக்கிறது. டெல்டாவாக இருந்தால் ஒரு பேஸ் மட்டும் கருகும். மூன்றுமே ஒரே சீராகக் கருத்திருந்தால் அதிக சூடு. எங்களுடையது மூன்றாவது. "தம்பி, லோடு கூடிட்டதோ?" என்றார். "இல்ல அண்ணாச்சி, டாங் டெஸ்டர் போட்டுப் பாத்தேன், 12 ஆம்ப்தான் இழுத்துது" என்றேன். இந்த மோட்டாரின் முழு லோடு கரண்ட் 14 ஆம்பியரை ஒட்டி. அவர் காயில் முனையைச் சுரண்டி, கையில் வந்த பிசுபிசுப்பைக் காட்டி, "அப்போ இதுதான்" என்றார்.

அங்கே எனக்குப் புரிந்த விஷயம்தான் இந்தப் பகிர்வில் முக்கியமானது. ஸ்டார்ட்டரில் இருக்கிற ஓவர்லோடு ரிலே கரண்டைத்தான் பார்க்கிறது, மோட்டாரின் சூட்டை அல்ல. லோடு அதே, கரண்ட் அதே, உள்ளே உண்டாகிற சூடும் ஏறக்குறைய அதே. சூடு வெளியேறும் வழி அடைபட்டதால் காயில் மட்டும் மெல்ல மெல்ல வேகிறது. ரிலேயைச் சரியாக வைத்திருந்தாலும் அது விழாது. காயிலின் காப்பு வயதைப் பற்றித் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: தாங்கும் வெப்பத்தைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். அதனால்தான் மோட்டார் ஒரே நாளில் போகாமல், ஒரு பருவம் ஓடிக் காட்டிவிட்டு அடுத்த பருவத்தில் போகிறது.

சரி, மூடிய மோட்டாருக்கு வருவோம். மாற்றிய முதல் வாரம் எங்கள் ஆட்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: "இது ரொம்பச் சுடுதே!" பழைய மோட்டாரின் உடம்பில் கை வைக்கலாம். இதில் வைக்க முடியாது. பயப்பட வேண்டியதில்லை. திறந்த மோட்டாரில் சூடு காற்றோடு போய்விடுகிறது, உடம்பு குளுமையாகத் தெரியும். மூடியதில் சூடு வெளியேறும் கதவே அந்த உடம்புதான். 70 டிகிரி என்பது அதற்குச் சாதாரணம், கையோ 60 டிகிரியையே தாங்காது. கையை வைத்து மோட்டாரின் நலத்தைச் சொல்ல முடியாது என்பதால் ஒரு இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் வாங்கினேன். பெயிண்ட் அடித்த இடத்தில் குறி வைக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் தப்பாகக் காட்டும்.

பார்க்க வேண்டியது உடம்பின் சூடு அல்ல, அறையின் சூட்டுக்கு மேல் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான். சித்திரையில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே 40ஐத் தாண்டும், மார்கழிக் காலையில் 25 கூட இருக்காது. உடம்பின் சூட்டை மட்டும் எழுதிவைத்தால் ஒன்றும் புரியாது. நன்றாகத் துடைத்த மோட்டாரை இரண்டு மணி நேரம் முழு அரவையில் ஓட்டி, அறை 36, உடம்பு 68, கரண்ட் 12 ஆம்பியர் என்று குறித்தேன். ஏற்றம் 32 டிகிரி. பிசான நெல் அரவை நடந்துகொண்டிருந்தபோது, துடைக்காமல் விட்டிருந்த ஒரு நாள் அதே இடத்தில் பார்த்தால் அறை 37, உடம்பு 85. கரண்ட் அதே 12. ஏற்றம் 48. ஆக, மூடிய மோட்டாருக்கும் அதே நோய் வரும். காயிலில் அப்ப வேண்டிய தவிடு இப்போது தகடுகளுக்கு இடையே அப்பியிருக்கிறது, ஃபேன் மூடியின் வலையையும் பாதி அடைத்திருக்கிறது. வேறுபாடு என்னவென்றால் அது என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கைக்கு எட்டுகிறது. திறந்த மோட்டாரில் அதைப் பார்க்கவே மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

துடைக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மெயின் ஃபியூஸைக் கழற்றிய பிறகுதான் கையை வைப்பது. ஃபேன் மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்து மூடியைத் தனியே தட்டிவிடுவோம். தகடுகளுக்கு இடையே தென்னை ஈர்க்குமாறு போகிற மாதிரி எந்தப் பிரஷ்ஷும் போகாது. ஃபேன் இறகில் ஒட்டியதையும் சீராக எடுத்துவிட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் தவிடு நின்றால் அதிர்வு வரும். கம்ப்ரஸர் காற்றை மில்லுக்குள் பீச்சி அடிப்பதை நான் விட்டுவிட்டேன். மாவுத் தூசி காற்றில் மேகமாக எழும்பினால் ஒரு பொறி போதும், தீ பற்றிவிடும். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மூடிய மோட்டார் என்றால் வெடிப்புக்குப் பாதுகாப்பான மோட்டார் என்று அர்த்தம் இல்லை. அதற்கென்று தனி வகை உண்டு. பெரிய மாவு ஆலை வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அரவைப் பருவத்தில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒருமுறை துடைக்கிறோம். ஏற்றம் 40ஐத் தாண்டினால் வாரத்துக்குக் காத்திருப்பதில்லை. அந்த 40 எங்கள் மோட்டாருக்கு, எங்கள் லோடுக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை. உங்களுடையதைத் துடைத்த நாளில் அளந்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மோட்டாரின் ஃபேன் பக்கத்தில் மூட்டை அடுக்குகிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். காற்று உள்ளே போகிற வாயே அதுதான். எங்கள் மில்லில் தரையில் மஞ்சள் பெயிண்ட்டில் கோடு போட்ட பிறகுதான் அது நின்றது.

பேரிங் மாற்ற ஒருமுறை கழற்றியபோது உள்ளே பார்த்தேன். காயில் வார்னிஷ் நிறத்திலேயே இருந்தது, மெலிசான ஒரு படலம் மட்டும். ஐபியில் முதல் எண் 5 என்றால் தூசி ஒரு துளியும் நுழையாது என்பதல்ல, மோட்டாரைக் கெடுக்கிற அளவு நுழையாது என்பதுதான். தூசியே புகாதது 6. புல்லிப் பக்கம் ஷாஃப்டில் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினோம். ஓடிச் சூடாகி, நின்று குளிரும்போது மோட்டார் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அது தண்ணீராகித் தேங்காமலிருக்க அடியில் வடிகால் துளை இருந்தால் மழைக்காலத்துக்கு முன்னால் அது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக மாற்றுகிறவர்கள் கடைக்குப் போகும் முன் ஷாஃப்டின் நடுமையம் மோட்டார் காலின் அடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். இப்போதைய 10 எச்.பி., 1440 வேக மோட்டார் பெரும்பாலும் 132 ஃபிரேம், அதாவது 132 மில்லிமீட்டர் உயரம், ஷாஃப்ட் 38 மில்லிமீட்டர். பழைய திறந்த மோட்டாரின் போல்ட் துளைகள் அதோடு பொருந்தவில்லை. எங்களுக்கு அடித்தகடும் புல்லியும் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது, ஒரு நாள் அரவை நின்றது. இணைப்புப் பெட்டியில் கேபிள் நுழைகிற இடத்தில் சரியான அளவு கிளாண்ட் போடச் சொல்லுங்கள், பயன்படாத துளையை அடைக்கச் சொல்லுங்கள். ஐபி 55 என்று வாங்கிவிட்டு அந்த ஓட்டையைத் திறந்து விட்டிருக்கிற மில்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

திறந்த வகையை முழுக்கத் தள்ளிவிடவில்லை. எங்கள் பழைய மோட்டார் ரீவைண்டிங் ஆகி இப்போது தோட்டத்துக் கிணற்று அறையில் ஓடுகிறது, அங்கே தூசி இல்லை, அதற்கு அது போதும். ஆனால் ஒன்று கவனித்தேன். மில் டீசல் ஜெனரேட்டரின் ஆல்டர்னேட்டரும் ஐபி 23தான், திறந்த வகை. அதைத் தவிடு கொட்டுகிற மூலைக்கு அடுத்து நிறுத்தியிருந்தோம். அதையும் இப்போது மேற்குச் சுவருக்கு வெளியே தனிக் கொட்டகைக்கு மாற்றியாயிற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று தூசியை வாரிக்கொண்டு வரும் என்பதால் காற்று நுழையும் பக்கத்தைக் கிழக்குப் பார்க்க வைத்திருக்கிறோம்.